பி.ஆர்.எஸ்-ல மாசக்கணக்கா தொங்குற பழைய செக்: எந்த அறிகுறிக்கு என்ன செய்யறது

பெங்களூர்ல பீன்யா பக்கம் சின்ன ஃபேக்டரிங்கள்ல அக்கவுண்ட்ஸ் பாக்கற நம்ம ஆளுங்ககிட்ட மார்ச் முடியறப்போ திரும்பத் திரும்ப வர கேள்வி இது. பார்ட்டிக்கு செக் குடுத்தாச்சு, ஏழெட்டு மாசம் ஆகியும் பேங்க்ல அது வரவே இல்ல, ஒவ்வொரு மாசமும் பேங்க் ரீகன்சிலியேஷன்ல, அதாவது பி.ஆர்.எஸ்-ல, அதே வரி வந்து நிக்குது, இதை என்ன பண்றது? சுருக்கமா சொல்லணும்னா, பழைய பேமென்ட் வவுச்சர்ல கை வைக்கவே கூடாது, இப்போதைய தேதில ஒரு ரிசீட் போட்டு பணத்தை பேங்க் லெட்ஜருக்கும் கடனை பார்ட்டி பேருக்கும் திருப்பிக் கொண்டு வரணும், அப்புறம் அந்த பழைய பேமென்ட், இந்த புது ரிசீட் ரெண்டுக்கும் ஒரே பேங்க் தேதியக் குடுத்து லிஸ்ட்ல இருந்து எடுத்துடணும். அவ்ளோதான் வேலை. ஆனா இந்த சின்ன வேலைல பேங்க் தேதி மாறிப்போறது, சைடு மாறிப்போறது, நேரா வருமானத்துல போட்டுடறதுன்னு சறுக்கற இடம் நிறைய, அதனால ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கிட்டு அறிகுறி அறிகுறியா போவோம்.

டேலி பிரைம்ல ஒரு சின்ன மெஷினிங் யூனிட்டோட கரன்ட் அக்கவுண்ட், தேதி 31-03-2025. `Balance as per Company Books` 4,18,350 ரூபாய். கீழ `Amounts not reflected in Bank`-ல நாலு செக்:

000412, தேதி 14-08-2024, டூல் கிரைண்டிங் பண்ற பார்ட்டி, 23,600
000431, தேதி 03-10-2024, வேலைய விட்டுப் போன ஒரு ஆபரேட்டரோட ஃபைனல் செட்டில்மென்ட், 11,850
000439, தேதி 21-10-2024, ஷெட்டுக்கு பெயின்ட் அடிச்சவர், 6,500
000502, தேதி 27-03-2025, ஸ்டீல் சப்ளையர், 58,200

நாலும் சேர்த்து 1,00,150. புக்ஸ் பேலன்ஸோட கூட்டினா 5,18,500, பேங்க் ஸ்டேட்மென்ட்லயும் அதே 5,18,500. அதாவது பி.ஆர்.எஸ் கச்சிதமா ஒத்துப்போகுது, அதனாலயே யாரும் இதைத் தொடறதில்ல. ஆனா முதல் மூணு செக் இனி பேங்க்ல பாஸ் ஆகப்போறதில்ல, அதோட மொத்தம் 41,950. அந்த 41,950 பேங்க்ல நிஜமாவே நம்ம பணமா இருக்கு, புக்ஸ்ல இல்ல. அதே 41,950 நாம குடுக்கவேண்டிய கடன் மாதிரிதான் இப்போதைக்குத் தெரியுது, அதுவும் புக்ஸ்ல இல்ல. பேலன்ஸ் ஷீட்ல ரெண்டு பக்கமும் ஒரே அளவு குறைஞ்சிருக்கறதால கண்ணுக்குத் தெரியறதில்ல.

அறிகுறி: செக் தேதில இருந்து மூணு மாசம் தாண்டிடுச்சு, இன்னும் லிஸ்ட்ல நிக்குது

ரிசர்வ் பேங்க் உத்தரவுப்படி 01-04-2012-லேர்ந்து செக்கோட ஆயுசு செக்குல எழுதின தேதிலேர்ந்து மூணு மாசம்தான், அதுக்கு முன்னாடி ஆறு மாசமா இருந்தது. இன்னும் ஆறு மாசம்னு நெனச்சுக்கிட்டு காத்திருக்கறவங்க இருக்காங்க, அது வேணாம். மூணு மாசம் தாண்டின செக் ஸ்டேல், அவ்ளோதான்.

ஆனா என்ட்ரி போடறதுக்கு முன்னாடி அந்த செக் நிஜமாவே பேங்க்குக்கு போகலையான்னு பாருங்க. ஸ்டேட்மென்ட்ட செக் தேதிலேர்ந்து இன்னிவரைக்கும் எக்ஸெல்ல எறக்கி, முதல்ல செக் நம்பரை தேடுங்க, கிடைக்கலைன்னா தொகைய தேடுங்க. நம்பரை டைப் பண்றப்போ 000421-ன்னு மாத்தி அடிச்சிருக்கலாம், இல்ல 23,600-ன்னு எழுதின செக்கை புக்ஸ்ல 26,300-ன்னு போட்டிருக்கலாம், அப்போ பேங்க் சைடுலயும் ஜோடி இல்லாத ஒரு வரி கண்டிப்பா தொங்கிட்டு இருக்கும். ஒரே பேங்க்ல கரன்ட் அக்கவுண்ட், ஓ.டி அக்கவுண்ட் ரெண்டும் வச்சிருக்கற இடத்துல இன்னொரு விஷயமும் நடக்கும், ஓ.டி செக் புக்குலேர்ந்து கிழிச்சு குடுத்துட்டு கரன்ட் அக்கவுண்ட் லெட்ஜர்ல என்ட்ரி போட்டிருப்பாங்க. இது எல்லாமே திருத்த வேண்டிய தப்புதான், திருப்பி எழுத வேண்டிய செக் இல்ல.

பேங்க்ல நிஜமாவே வரலைன்னு உறுதியானா அடுத்தது பார்ட்டிக்கு போன். இதைத் தவிர்த்துட்டு யாரும் என்ட்ரி போடாதீங்க, ஏன்னா செக் ஏன் பேங்க்குக்கு போகலைன்ற காரணம்தான் கடன் இன்னும் இருக்கா இல்லையான்னு சொல்லும். நம்ம உதாரணத்துல கிரைண்டிங் பார்ட்டி ஓசூர்க்காரர், பேசினா இப்படித்தான் வரும்:

"அண்ணா, ஆகஸ்ட்ல இருபத்து மூணாயிரத்து அறுநூறுக்கு ஒரு செக் குடுத்தோமே, அது போடவே இல்லையா நீங்க?"

"எந்த செக்குப்பா? பையன் வாங்கிட்டு வந்தான்னு சொன்னாங்க, என் கைக்கு வரலையே. நானே கேக்கணும்னு இருந்தேன், பில்லு இன்னும் ஓப்பனா கெடக்கு எங்க புக்குல."

இது தெளிவான கேஸ். செக் தொலைஞ்சது, கடன் அப்படியே இருக்கு. வேலைய விட்டுப் போன ஆபரேட்டரோட நம்பர் ஸ்விட்ச் ஆஃப், குடுத்த ஊர் விலாசத்துக்கு ரெஜிஸ்டர் போஸ்ட் அனுப்பினா திரும்பி வந்துடுச்சு. இங்கயும் கடன் இருக்கு, ஆள்தான் கிடைக்கலை. பெயின்டர் சொல்றது வேற: "செக்குல பேரு தப்பா இருந்துச்சு சார், அதனால ஓனர் சாரே போன்ல அனுப்பிட்டாரு." இங்க கடனே இல்ல. மூணு செக், மூணு காரணம். அதனாலதான் மூணையும் ஒண்ணா கூட்டி 41,950-க்கு ஒரே என்ட்ரி போடக்கூடாது.

போன் முடிஞ்ச கையோட நெட் பேங்கிங்ல மூணு செக் நம்பருக்கும் ஸ்டாப் பேமென்ட் குடுத்து அந்த ரெஃபரன்ஸ் நம்பரை வவுச்சர் நரேஷன்லயே எழுதிடுங்க. ஸ்டேல் ஆன செக்குக்கு எதுக்கு ஸ்டாப் பேமென்ட்னு கேப்பாங்க. சி.டி.எஸ் கிளியரிங்ல செக்குல பேரு, தொகைன்னு எதையும் அடிச்சுத் திருத்தக்கூடாது, ஆனா தேதிய புதுப்பிக்கறதுக்கு மட்டும் விலக்கு இருக்கு. கையெழுத்து போடற பார்ட்னர் ஒருத்தர் நமக்குத் தெரியாம தேதிய மாத்தி கையெழுத்து போட்டுக் குடுத்துட்டா அந்த செக் மறுபடி உயிரோட வந்துடும். நமக்கு அது தெரியவே தெரியாது. அதுக்குத்தான் இந்தப் பூட்டு.

அறிகுறி: மூணு மாசம் ஆகலை, ஆனா செக் நம்ம மேஜை டிராயர்லயே இருக்கு

ஸ்டீல் சப்ளையரோட 000502 மாதிரி மார்ச் கடைசில போட்ட செக்கை பொதுவா தொடவேண்டாம், அது ஏப்ரல் முதல் வாரத்துல பாஸ் ஆகிடும். ஆனா ஒரு தடவை டிராயரைத் திறந்து பாருங்க. வருஷக் கடைசில கிரெடிட்டர் பேலன்ஸ் குறைச்சலா தெரியணும்னு செக் பிரின்ட் பண்ணி என்ட்ரியும் போட்டுட்டு பார்ட்டிக்கு குடுக்காமலே வச்சிருக்கற வழக்கம் நிறைய இடத்துல இருக்கு. கை மாறாத செக் பேமென்ட்டே இல்ல, அது எத்தனை புதுசா இருந்தாலும் சரி, 31-03 தேதில திருப்பி எழுதியே ஆகணும். ஸ்டேல் ஆகற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல.

அறிகுறி: என்ட்ரி எதுல போடறதுன்னு தெரியல, ஜர்னல்ல பேங்க் லெட்ஜரே வரமாட்டேங்குது

டேலில ஜர்னல் வவுச்சர் சாதாரண செட்டிங்ல பேங்க் லெட்ஜரை எடுக்காது, அதை F12-ல மாத்தி திறந்துவிடவும் வேணாம். `F6` அமுக்கி ரிசீட் போடுங்க. தேதி 31-03-2025, அந்த வருஷம் ஏற்கனவே மூடி ஆடிட் முடிஞ்சிருந்தா நடப்பு வருஷத்துல நீங்க முடிவெடுத்த தேதி. ஒவ்வொரு செக்குக்கும் தனி ரிசீட்.

கிரைண்டிங் பார்ட்டிக்கு: பேங்க் டெபிட் 23,600, பார்ட்டி லெட்ஜர் கிரெடிட் 23,600. இன்ஸ்ட்ருமென்ட் நம்பர் கேக்கற இடத்துல அதே 000412-ஐ போடுங்க, அப்பத்தான் பி.ஆர்.எஸ்-ல ரெண்டு வரியும் ஜோடியா கண்ணுக்குத் தெரியும். பில்வாரி விவரம் கேக்கறப்போ பழைய பில் நம்பரையே எழுதுங்க, `On Account`-ல விட்டுடாதீங்க, விட்டா அவுட்ஸ்டாண்டிங் ரிப்போர்ட்ல எந்த பில் பாக்கின்னே தெரியாம போயிடும். இன்னொண்ணு, இதை `New Ref`-ஆ போட்டா ஏஜிங் ரிப்போர்ட்ல பில்லு ரிசீட் தேதில பொறந்த மாதிரி இளசா தெரியும், நிஜத்துல பில் ஜூலை 2024-ல வந்தது. ஏஜிங் ஷெட்யூல் ஆடிட்டருக்கு குடுக்கறப்போ இந்த வரிய மட்டும் கையால திருத்திக் குடுங்க. நரேஷன் முழுசா இருக்கட்டும்: "செக் 000412, 14-08-2024, பார்ட்டி கைக்கு சேரவில்லை, போனில் உறுதி செய்யப்பட்டது, ஸ்டாப் பேமென்ட் கொடுத்து திருப்பி எழுதப்பட்டது." ரெண்டு வருஷம் கழிச்சு உங்க சீட்ல வேற ஒருத்தர் உக்காந்திருப்பாங்க, அவங்களுக்கு இந்த ஒரு வரிதான் துணை.

ஆபரேட்டருக்கு: அவர் லெட்ஜரை மூடிட்டீங்கன்னா கரன்ட் லயபிலிட்டீஸ் கீழ "ஸ்டேல் செக் பேயபிள்"னு ஒரு லெட்ஜர் தொறந்து அதுல 11,850 கிரெடிட் பண்ணுங்க. இந்த லெட்ஜர் ஆள் கிடைக்காதவங்களுக்கு மட்டும். தினம் பேசற சப்ளையரையெல்லாம் இதுல தள்ளினா அவங்க ஸ்டேட்மென்ட்டோட நம்ம லெட்ஜர் என்னிக்கும் ஒத்துப்போகாது.

பெயின்டருக்கு ரெண்டு படி. முதல்ல மத்ததுக்கு மாதிரியே ரிசீட், பேங்க் டெபிட், பெயின்டர் கிரெடிட் 6,500. இப்போ பெயின்டருக்கு 6,500 பாக்கின்னு காட்டும், ஆனா ஓனர் போன்ல அனுப்பிட்டார். ஓனர் அனுப்பினத அப்போ எப்படி எழுதியிருக்காங்கன்னு தேடினா, பில்டிங் மெயின்டனன்ஸ் டெபிட், ஓனர் கரன்ட் அக்கவுண்ட் கிரெடிட்னு இருக்கு. அதாவது பெயின்ட் அடிச்ச செலவு பில்லு வந்தப்போ ஒரு தடவை, போன்ல அனுப்பினப்போ ஒரு தடவைன்னு ரெண்டு தடவை ஏறியிருக்கு. அதனால ஜர்னல் `F7`-ல பெயின்டர் டெபிட் 6,500, பில்டிங் மெயின்டனன்ஸ் கிரெடிட் 6,500. இது வருமானம் இல்ல, ரெண்டாவது தடவை ஏறின செலவை எறக்கறது.

அறிகுறி: ரிசீட் போட்டாச்சு, ஆனா பி.ஆர்.எஸ்-ல இப்போ ரெண்டு மடங்கு வரி தொங்குது

இது தப்பு இல்ல, பாதி வேலை முடிஞ்சிருக்கு. புக்ஸ் பேலன்ஸ் 4,60,300 ஆகிடுச்சு, லிஸ்ட்ல பேமென்ட் சைடு 1,00,150 அப்படியே இருக்கு, ரிசீட் சைடுல புதுசா 41,950 வந்திருக்கு. 4,60,300 கூட்டல் 1,00,150 கழித்தல் 41,950, அதே 5,18,500. இப்போ மூணு பழைய பேமென்ட்டுக்கும் மூணு புது ரிசீட்டுக்கும் `Bank Date` கட்டத்துல 31-03-2025 போட்டு சேவ் பண்ணுங்க. ஆறு வரியும் மறைஞ்சு 000502 மட்டும் நிக்கணும், 4,60,300 கூட்டல் 58,200, மறுபடி 5,18,500. பேங்க் ஸ்டேட்மென்ட் எண் ஒரு பைசா நகரக்கூடாது, அதான் பரிசோதனை. நாம செஞ்ச எதுவும் பேங்க்ல நடக்கலையே, நம்ம புக்ஸ்லதான் நடந்தது.

அறிகுறி: `Balance as per Bank` ஸ்டேட்மென்ட்டோட ஒத்துப்போகல

வித்தியாசம் எவ்ளோன்னு பாருங்க, அதுவே காரணத்தைச் சொல்லிடும்.

5,60,450 காட்டினா, அதாவது 41,950 கூடுதலா இருந்தா, ரிசீட்டுக்கு மட்டும் பேங்க் தேதி போட்டுட்டு பழைய பேமென்ட்ட விட்டுட்டீங்க. 4,76,550 காட்டினா, அதாவது 41,950 குறைச்சலா இருந்தா, பழைய பேமென்ட்டுக்கு போட்டுட்டு ரிசீட்டை விட்டுட்டீங்க. ரெண்டுக்கும் மருந்து ஒண்ணுதான், விட்டுப்போன ஜோடிக்கும் அதே தேதி போடறது.

4,34,600 காட்டினா கொஞ்சம் கவனிங்க. வித்தியாசம் 83,900, அது 41,950-ஓட சரியா ரெண்டு மடங்கு. ரெண்டு மடங்கு வந்தாலே சைடு மாறிப்போச்சுன்னு அர்த்தம், ரிசீட்டுக்கு பதிலா `F5`-ல மறுபடி பேமென்ட்டே போட்டிருக்கீங்க. இதுல மோசமான விஷயம் என்னன்னா பேங்க் தேதி போடற வரைக்கும் இது வெளில தெரியவே தெரியாது. புக்ஸ் 3,76,400-ஆ குறைஞ்சிருக்கும், தொங்கற செக் 1,42,100-ஆ ஏறியிருக்கும், கூட்டினா அதே 5,18,500 வந்து நிக்கும். அதனால என்ட்ரி போட்ட உடனே பார்ட்டி லெட்ஜரைத் திறந்து அங்க கிரெடிட் பேலன்ஸ் வந்திருக்கான்னு ஒரு தடவை பாத்துட்டு அப்புறம் பேங்க் தேதிக்குப் போங்க.

ஒரே ஒரு செக்கோட தொகை மட்டும் வித்தியாசமா வந்தா, 11,850-ன்னு வச்சுக்கோங்க, அந்த ஜோடில ஒண்ணு மட்டும் லிஸ்ட்ல நிக்கும், தேடவே வேண்டாம். மூணு செக்குக்கும் சேத்து ஒரே ரிசீட் போட்டவங்களுக்கு இந்த வசதி கிடைக்காது, அவங்க உக்காந்து கூட்டிக் கழிச்சுதான் கண்டுபிடிக்கணும்.

அறிகுறி: மார்ச் சரியா இருக்கு, ஆனா போன ஆகஸ்ட் பி.ஆர்.எஸ் கலைஞ்சுபோச்சு

ஆகஸ்ட்ல பிரின்ட் எடுத்து ஃபைல் பண்ணினதும் இப்போ டேலில தெரியறதும் வேற வேறயா இருந்தா ரெண்டு காரணம்தான்.

ஒண்ணு, பழைய பேமென்ட்டுக்கு பேங்க் தேதியா செக் தேதியவே போட்டுட்டீங்க, 14-08-2024. அப்படிப் போட்டா அந்த செக் ஆகஸ்ட் 14-லயே பேங்க்ல பாஸ் ஆயிடுச்சுன்னு டேலி நம்பும், ஆகஸ்ட்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் ஏழு மாச பி.ஆர்.எஸ்-லயும் பேங்க் பேலன்ஸ் ஸ்டேட்மென்ட்ட விட 23,600 குறைச்சலா காட்டும். மார்ச்சுக்கு வந்ததும் ரிசீட் ஈடுகட்டிடறதால மார்ச் மட்டும் சரியா இருக்கும், அதனால இது ஆடிட்டர் பழைய மாசத்தைத் திறக்கற வரைக்கும் தெரியாது. பழைய பேமென்ட்டோட பேங்க் தேதிய 31-03-2025-க்கு மாத்திட்டா ஏழு மாசமும் தானா சரியாகிடும்.

இன்னொண்ணு, யாரோ பழைய வவுச்சரை `Alt+D`-ல டெலீட் பண்ணிட்டாங்க, இல்ல `Alt+X`-ல கேன்சல் பண்ணிட்டாங்க. ரொம்ப சுலபமான வழியா தெரியும், லிஸ்ட்லேர்ந்தும் உடனே போயிடும். ஆனா ஆகஸ்ட்லேர்ந்து ஒவ்வொரு மாசத்தோட புக்ஸ் பேலன்ஸும் மாறிடும், அந்த மாசங்களுக்கு பேங்க்குக்கு குடுத்த ஸ்டேட்மென்ட்ல இருக்கற கிரெடிட்டர் எண்ணும் ஒத்துவராது. செக் போன வருஷத்தோடதா இருந்தா இன்னும் மோசம், ஆடிட் ஆகி கையெழுத்தான பேலன்ஸ் ஷீட்டோட குளோசிங் ஒண்ணு, நம்ம ஓப்பனிங் ஒண்ணுன்னு ஆகிடும். கம்பெனியா இருந்தா 01-04-2023-லேர்ந்து எடிட் லாக் கட்டாயம், யார் எப்போ டெலீட் பண்ணாங்கன்னு அங்க நிக்கும், ஆடிட்டர் தன் ரிப்போர்ட்ல அதைப் பத்தி சொல்லியாகணும். செக் கிழிச்சது நடந்த விஷயம், அது பாஸ் ஆகலைன்றது அப்புறம் தெரிஞ்ச விஷயம், ரெண்டும் புக்ஸ்ல தனித்தனியா இருக்கறதுதான் நியாயம். டெலீட் பண்ணியிருந்தா பேக்கப்ப பாத்து அதே தேதி, அதே நம்பர்ல திரும்பப் போட்டுட்டு ரிசீட் வழிக்கு வாங்க.

அறிகுறி: "யாரும் கேக்கலையே, மொத்தத்தையும் அதர் இன்கம்ல போட்டுடு"ன்னு ஓனர் சொல்றார்

இதுல நான் பிடிவாதமா இருப்பேன். செக் காலாவதி ஆனா செக்தான் போச்சு, கடன் போகலை. மூணு மாசம் செக்கோட ஆயுசு, கடனோட ஆயுசு இல்ல. மூணு வருஷ லிமிடேஷன் தாண்டினாலும் அவங்க கோர்ட்டுக்குப் போக முடியாதுன்னுதான் ஆகுமே தவிர கடன் இல்லாம போயிடாது. அதனால முதல் என்ட்ரி எப்பவும் பார்ட்டிக்கோ ஸ்டேல் செக் பேயபிளுக்கோதான் போகணும், லாப நஷ்டக் கணக்குக்கு நேரா போகக்கூடாது. வருஷக்கணக்கா தேடியும் ஆளே இல்லைன்னு முடிவெடுத்து பின்னாடி வருமானத்துக்கு மாத்தினா, அது முன்னாடி செலவா கழிச்ச தொகைன்னா வருமான வரிச் சட்டப்படி அந்த வருஷத்து பிசினஸ் வருமானம், நாமளா ஒருதலையா எழுதினாலும் சரி. வரி கட்டியாகணும்.

ஆபரேட்டரோட 11,850 மாதிரி சம்பளப் பணத்துக்கு அந்த வழியும் கிடையாது. கர்நாடகா தொழிலாளர் நல நிதிச் சட்டம், 1965 பொருந்தற நிறுவனத்துல மூணு வருஷம் யாரும் வாங்காம கெடக்கற சம்பள பாக்கி நல வாரியத்துக்குப் போகவேண்டிய பணம், ஓனரோடது இல்ல. ஸ்டேல் செக் பேயபிள் லெட்ஜர்ல சம்பள வரிங்களை தனியா குறிச்சு வச்சுக்கறது இதுக்குத்தான்.

அறிகுறி: திருப்பி எழுதினதும் ஜி.எஸ்.டி பாக்கறவர் போன் பண்றார்

கிரைண்டிங் பில் 20,000, அதுல ஜி.எஸ்.டி 3,600, பில் தேதி 30-07-2024. பில் தேதிலேர்ந்து 180 நாளைக்குள்ள சப்ளையருக்கு பணம் போகலைன்னா எடுத்த இன்புட் கிரெடிட்டை திருப்பணும். 180 நாள் 26-01-2025-ல முடிஞ்சிடுச்சு, விதி 37-படி அதுக்கு அடுத்த மாசமான பிப்ரவரியோட ஜி.எஸ்.டி.ஆர் 3பி-ல 4(B)(2)-ல 3,600 போயிருக்கணும், வட்டியோட. செக் குடுத்துட்டோம்னு புக்ஸ்ல பாக்கியே தெரியாததால அது யார் கண்ணுலயும் படலை. திருப்பி எழுதின தேதிலேர்ந்து புதுசா 180 நாள் எண்ணலாமான்னு கேட்டா, முடியாது, பில் தேதிதான் கணக்கு. விட்டுப்போன ரிவர்ஸலை அடுத்து போடற ரிட்டர்ன்லயே வட்டியோட போட்டுடுங்க, சப்ளையருக்கு நெஃப்ட்ல பணம் போன மாசத்துல அதே 3,600-ஐ 4(A)(5)-ல திரும்ப எடுத்து 4(D)(1)-லயும் காட்டிக்கலாம். வட்டி மட்டும் நஷ்டம். அந்த சப்ளையர் உத்யம்ல பதிவான மைக்ரோ அல்லது ஸ்மால் யூனிட்டா இருந்தா வருமான வரில ஒரு கட்டுப்பாடு வேற இருக்கு, கெடு தாண்டி மார்ச் 31-ல பாக்கி நிக்கற பில்லோட செலவு பணம் குடுக்கற வருஷத்துலதான் கழியும். இதனாலதான் தொங்கற செக்கை மார்ச் வரைக்கும் விடாம மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாருங்கன்னு சொல்றது, நவம்பர்லயே ஸ்டேல்னு தெரிஞ்சு நெஃப்ட் அனுப்பியிருந்தா இந்த வட்டியே வந்திருக்காது.

அறிகுறி: புது பேமென்ட் அனுப்பினப்புறம் பார்ட்டி லெட்ஜர் டெபிட்ல நிக்குது

02-04-2025-ல கிரைண்டிங் பார்ட்டிக்கு 23,600 நெஃப்ட் போச்சு, லெட்ஜரைப் பார்த்தா அட்வான்ஸ் குடுத்த மாதிரி 23,600 டெபிட். ரிசீட் போடாமலே மாத்துப் பணம் அனுப்பிட்டாங்கன்னு அர்த்தம், பழைய செக் என்ட்ரி, புது நெஃப்ட் என்ட்ரி ரெண்டும் பார்ட்டி பேர்ல டெபிட்ல உக்காந்திருக்கு. ரிசீட்டைப் போட்டா சரியாகிடும். இந்த டெபிட்டை நிஜ அட்வான்ஸ்னு நம்பி அடுத்த பில்லுல கழிச்சுடாதீங்க, அப்படிக் கழிச்சு சப்ளையரோட சண்டையில முடிஞ்ச கதை இங்க நிறைய உண்டு.

அறிகுறி: திருப்பி எழுதின செக் திடீர்னு பேங்க்ல டெபிட் ஆகிடுச்சு

ஆபரேட்டரோட 000431, 11,850, மே 9-ம் தேதி ஸ்டேட்மென்ட்ல வந்துடுச்சுன்னு வச்சுக்கோங்க. மார்ச்ல போட்ட ரிசீட்டை நோண்டாதீங்க. அப்போ தெரிஞ்ச உண்மைக்கு அது சரியான என்ட்ரி. முதல்ல பேங்க்கிட்ட செக்கோட இமேஜ் வாங்குங்க, தேதி புதுப்பிச்சு நம்ம ஆள் கையெழுத்து இருக்கான்னு பாருங்க. பணம் போனது சரியான ஆளுக்குன்னா, 09-05-2025 தேதில புது பேமென்ட், ஸ்டேல் செக் பேயபிள் டெபிட், பேங்க் கிரெடிட் 11,850, பேங்க் தேதியும் அதே 09-05-2025. கடன் தீர்ந்துது, முடிஞ்சது.

கிரைண்டிங் பார்ட்டி மாதிரி ஏற்கனவே நெஃப்ட் அனுப்பினவங்களோட பழைய செக் பாஸ் ஆனா அது வேற விஷயம், ரெண்டு தடவை பணம் போயிருக்கு. செக்கை போட்டது பார்ட்டிதானா வேற யாராவதான்னு இமேஜ்ல பாருங்க. பார்ட்டின்னா அவர்கிட்டயே பேசி வாங்கறதுதான் வேகமான வழி, அதுவரைக்கும் அவர் லெட்ஜர்லயே டெபிட்ல நிக்கட்டும். வேற யாராவதுன்னா, இல்ல ஸ்டாப் பேமென்ட் இருந்தும் பேங்க் பாஸ் பண்ணியிருந்தா, நரேஷன்ல எழுதி வச்ச அந்த ரெஃபரன்ஸ் நம்பரைப் போட்டு பிராஞ்சுக்கு எழுத்துல புகார் குடுங்க, புக்ஸ்ல பேங்க் கிட்ட வரவேண்டியதுன்னு கரன்ட் அசெட்ஸ்ல தனி லெட்ஜர்ல 23,600 டெபிட் வைங்க. பேங்க் திருப்பிக் குடுக்கற அன்னிக்கு அந்த லெட்ஜரை ரிசீட் போட்டு மூடிக்கலாம், நடுவுல எந்த மாசத்து பி.ஆர்.எஸ்-ம் கலையாது.